எடுப்பதற்கென்று வைத்த காக்கை

பெலிசியா எந்த அட்டைப்படத்தையும் முடித்த கையோடு அனுப்பிவிட மாட்டாள். முடித்துவிட்டு, அதன் மேல் ஒரு பொருளைக் கூடுதலாக வைத்துத்தான் அனுப்புவாள். காதல் கதைக்கு ஒரு குடை. சுயசரிதைக்கு ஒரு தங்க வளையம். கவிதைத் தொகுப்புக்கு யாரும் கேட்காத ஓர் இறகு. எழுத்தாளர் கைப்பேசியில் பார்ப்பார். பத்து நிமிடத்தில் பதில் வரும். "எல்லாம் பிரமாதம்மா. அந்தக் குடை மட்டும் எனக்கு என்னவோ மாதிரி இருக்கு." பெலிசியா அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, குடையை எடுத்து அனுப்புவாள். எழுத்தாளருக்குத் தன் கண்ணில் ஒரு கர்வம். இவளுக்குத் தன் படம் தப்பித்த நிம்மதி. மூன்று வருடத்தில் நாற்பத்திரண்டு அட்டை இப்படி வெளியே போயிருந்தது.

இதை அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அவளுடைய அப்பா செபாஸ்டின் கடலூர் முதுநகரில் கருவாட்டு மொத்த வியாபாரி. வஞ்சிரக் கருவாட்டுக்கு அவர் சொல்லும் முதல் விலையில் வாங்க வருகிறவன் வெட்டுவதற்கென்றே ஒரு துண்டு இருக்கும். வெட்டாமல் வாங்கிப் போனவன் ஏமாந்துவிட்டோமோ என்று வழியெல்லாம் யோசிப்பான், மறுமுறை வேறு கடைக்குப் போவான் என்பது அவர் கணிப்பு. அட்டைப்படத்திலும் அதே கதைதான். வெட்ட ஒன்றும் கிடைக்காத எழுத்தாளர், வெட்டக்கூடாத ஒன்றை வெட்டுவார். தலைப்பைச் சுருக்கச் சொல்வார், கறுப்புக்குப் பதில் ரோஸ் கேட்பார், மச்சானின் வீட்டு வாசலில் எடுத்த போட்டோவை முன்னட்டைக்கு அனுப்புவார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில், அவள் வேலைக்கான நிபந்தனைகளை ஒரு தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தாள். இரண்டு மாதிரி காட்டப்படும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்று திருத்தம் செய்து தரப்படும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களுக்குப் பதிப்பாளர் என்று ஒருவர் கிடையாது. போதும் என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அந்தத் தாள்தான் சொல்லியாக வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து கொளஞ்சியப்பன் கூப்பிட்டபோது, அவள் மேல்பட்டாம்பாக்கத்துக் கல்யாண ஆல்பம் ஒன்றில் மாப்பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தாள். சோற்றுக்கு அதுதான். அட்டைப்படம் மனசுக்கு.

"அம்மா, நான் மேல வீதியில ஜவுளிக்கடை வெச்சிருக்கறேன். ஒரு துப்பறியும் நாவல் எழுதிருக்கறேன். எங்க வாசகர் மன்றத்துல இன்னும் எட்டு பேரு கையில புஸ்தகத்தை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனுது நல்லா வந்தா எட்டும் உனுக்குத்தான்."

எட்டு. பெலிசியா மாப்பிள்ளையை அப்படியே பாதி வெளுப்பில் விட்டாள். எட்டு அட்டை வந்தால் ஒரு வருடத்துக்கு ஆல்பத்தைத் தொட வேண்டியதில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் சிதம்பரத்தில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல வீதி வரை நடந்தே போனாள். கடை நீளமாக, குறுகலாக, புதுத்துணி வாசத்தோடு இருந்தது. கொளஞ்சியப்பனுக்கு அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. தோளில் அளவு நாடா. கல்லாவில் அவர் மனைவி சௌந்தரம், கண்ணாடிக்கு மேலாக எல்லாரையும் பார்த்தபடி.

"எத்தினி திருத்தம் குடுப்பே?" என்றார், உட்காரச் சொல்வதற்கு முன்பே.

"மூணு, சார்."

"பத்து குடு."

"நீங்க ஒரு பொடவைய எத்தினி தரம் மாத்திக் குடுப்பீங்க?"

"ஒரே தரம். அதுவும் பில்லோட, ஏழு நாளைக்குள்ள."

"நான் மூணு தரம் குடுக்கறேன்."

கல்லாவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கொளஞ்சியப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சரி, அஞ்சு."

"மூணு. ஒரு திருத்தம்னா ஒரு பட்டியல். அதுல பத்து விஷயம் இருக்கலாம், ஆனா ஒரே தடவையா, ஒரே ஆளு அனுப்பணும். காலையில நீங்க ஒண்ணு, சாயங்காலம் அம்மா ஒண்ணு சொன்னா ரெண்டு கழிஞ்சிடும்."

"மூணுக்கு மேல கொசுறு?"

கொசுறு என்ற சொல்லுக்கு இல்லை என்று பதில் சொல்பவர் வியாபாரியே இல்லை. பெலிசியா அதற்கென்று ஒன்றைக் கையோடு வைத்திருந்தாள்.

"பக்கம் கூடினாலும் குறைஞ்சாலும் முதுகு அகலம் மாறும். அதை எத்தினி தரம் மாத்தணும்னாலும் நானே மாத்தித் தரேன். திருத்தத்துல சேராது."

"முதுகா?"

அவள் அலமாரியிலிருந்த ஒரு கணக்கு நோட்டை எடுத்து முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். "சார், முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூணும் ஒரே தாளு. உங்க புஸ்தகம் டெமி சைஸ். நூத்தி நாப்பது மில்லிமீட்டர் அகலம், இருநூத்திப் பதினாறு உயரம். எத்தினி பக்கம் வருது?"

"இருநூத்தி நாப்பது."

"அப்ப நூத்தி இருவது தாளு. பிரஸ்ல சொன்ன பேப்பருக்கு ஒரு தாளோட கனம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. பன்னெண்டு ஆச்சு. அட்டையோட கனம் ஒரு அரை. முதுகு பன்னெண்டரை. வெட்டறதுக்கு நாலு பக்கமும் மூணு மூணு விடணும். மொத்த அகலம் இருநூத்தித் தொண்ணூத்தி எட்டரை. ரெண்டு மில்லிமீட்டர் தப்பினா உங்க பேரு முதுகுலேர்ந்து வழிஞ்சி முன்னாடி வந்து நிக்கும்."

ரவிக்கைத் துணியில் இரண்டு மில்லிமீட்டரின் அருமை தெரிந்த கொளஞ்சியப்பன், "அளவு தெரிஞ்ச பொண்ணுதான்" என்று மனைவியிடம் சொன்னார். பேரம் மூன்றில் நின்றது.

நாவலின் பெயர் 'நாற்பத்தேழாம் பெட்டகம்'. கடைவீதியில் ஒரு தனியார் லாக்கரில் நகை காணாமல் போகிறது. ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை கண்டுபிடிக்கிறார். பேய் இல்லை, பில்லி இல்லை. மடிப்புக் கலைந்த ஒரு துண்டை வைத்துத் திருடனைப் பிடிக்கிறார். பெலிசியா பஸ்ஸில் திரும்பும்போதே அறுபது பக்கம் படித்துவிட்டாள். புதுச்சத்திரம் வந்ததே தெரியவில்லை. மனுஷன் எழுதத் தெரிந்தவர்.

அடுத்த ஒரு வாரம் ஆராய்ச்சி. இணையத்தில் நன்றாக விற்கும் துப்பறியும் நாவல்களில் அறுபது அட்டையை எடுத்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி ஒரே தாளில் அடுக்கினாள். வாங்குகிறவர் கைப்பேசியில் பார்ப்பது அந்த அளவில்தான், அதுவும் ஒரு நொடி. அறுபதில் நாற்பதுக்கு மேல் இருட்டான பின்னணி, நடுவில் ஒரே ஒரு பொருள், மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்த தடித்த தலைப்பு. பேய்க்கதைகளைத் தனியாக ஒரு தாளில் ஒட்டினாள். அங்கே நிலா, பட்ட மரம், விரித்த கூந்தல், பறவை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சந்தேகமே வராது. துப்பறியும் கதை வாங்குகிறவருக்கும் பேய்க்கதை வாங்குகிறவருக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. தப்பான பக்கம் போய் விழுந்த புத்தகத்துக்கு, "ஏமாத்திட்டாங்க" என்று ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும்.

அட்டை அருமையாக வந்தது. சாம்பலும் நீலமும் கலந்த லாக்கர் கதவுகள் வரிசையாக. அதில் ஒன்று மட்டும் ஒரு கை நுழையும் அளவு திறந்து, உள்ளே கும்மிருட்டு. தலைப்பு இரும்பில் அடித்த எண்கள் போல. பெலிசியா தன் வேலையைத் தானே ரசித்துவிட்டு, வழக்கம் போல வெட்டக் கொடுக்க வேண்டிய பொருளுக்கு யோசித்தாள்.

ஒரு வியாபாரி. முதல் புத்தகம். மங்கலமாக ஆரம்பிக்க நினைப்பவர். அவர் பார்த்த மாத்திரத்தில் முகம் சுளிக்க என்ன வைக்கலாம்? லாக்கர் வரிசையின் மேலே ஒரு காக்கையை உட்கார வைத்தாள். இதைவிடச் சுலபமாக எடுக்கக்கூடியது வேறு இல்லை என்ற திருப்தியோடு அனுப்பினாள். இரண்டாவது மாதிரியாக ஒரு சாவிக்கொத்து. அது சும்மா துணைக்கு.

ஆறு நிமிடத்தில் குரல் பதிவு வந்தது.

"முதல் படந்தாம்மா. என்னா ஒரு படம். அந்தக் காக்கா இருக்கு பாரு..."

பெலிசியாவின் விரல் காக்கையை மறைக்கும் பொத்தானுக்கே போய்விட்டது.

"...அதை இன்னும் பெருசாக்கு. அதான் படமே. இது முதல் திருத்தம்னு எழுதிக்க."

அவள் அதை நான்கு தரம் கேட்டாள். நான்கு தரமும் அவர் அதையேதான் சொன்னார்.

மறுநாள் காலை ஏழரை மணி பஸ்ஸில் சிதம்பரம் போனாள். கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. கொளஞ்சியப்பன் வாசலில் நின்று, எவர்சில்வர் தட்டில் நெய் ஊற்றிய சோற்றை பக்கத்துச் சுவரின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து, பழகிய வாடிக்கையாளரைப் போல நிதானமாகச் சாப்பிட்டது.

"முதல் போணி இவருக்குத்தான்," என்றார் கொளஞ்சியப்பன். "கடை தொறந்த நாள்லேர்ந்து. இவரு சாப்டாம நான் ஒரு கர்ச்சீப் கூட வித்ததில்ல. உனுக்கு யாரும்மா சொன்னாங்க? படத்துல இவரைப் பாத்ததும் எனுக்கு அப்படியே சிலுத்துப் போச்சி."

போன முறை பதினோரு மணிக்கு வந்ததன் பலன். ஒன்பது மணிக்கு வந்திருந்தால் இதைப் பார்த்திருப்பாள், காக்கைக்குப் பதில் ஒரு குடையோடு போயிருக்கும். பெலிசியாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, ஆனால் கோபத்தை முகத்தில் காட்டுகிறவள் கருவாடு விற்க முடியாது. ஆராய்ச்சித் தாள் இரண்டையும் துணி அளக்கும் மேசையில் விரித்தாள்.

"சார், இது துப்பறியும் கதைங்க. அறுபது. ஒண்ணுலயாவது பறவை இருக்கா பாருங்க."

அவர் விரல் வைத்து வரிசையாகப் பார்த்தார். "இல்ல."

"இது பேய்க்கதை. எத்தினி காக்கா, எண்ணுங்க."

"ஒம்போது."

"அப்ப?"

"அப்ப அறுபதுல நம்மளுது மட்டும் தனியாத் தெரியும். நூறு செகப்புப் பொடவை நடுவுல ஒரு பச்சைய வெச்சா, கண்ணு எங்கம்மா போவும்?"

இதற்குப் பதில் இருந்தது. பச்சைப் புடவை தேடி வந்தவள்தான் பச்சையை வாங்குவாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், அப்படியானால் நீ ஏன் வைத்தாய் என்று அவர் கேட்பார். பெலிசியா தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய், காக்கையைப் பெரிதாக்கினாள்.

இரண்டாவது திருத்தம் நான்கு நாளில் வந்தது. காக்கைக்குப் பின்னால் நிலா வேண்டும், கண் சிவப்பாக இருக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டுமானால் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளலாம். செய்தாள். லாக்கர்கள் இப்போது காக்கை உட்காரும் கட்டை போலக் கிடந்தன. நக அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். பேய்க்கதைத் தாளில் ஒட்டினால் பத்தாவதாக அடக்கமாகப் பொருந்தும்.

மிச்சம் ஒரு திருத்தம். அச்சகத்துக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள். கீழ வீதி மண்டபத்தில் வெளியீடு என்று அழைப்பிதழ் கூட அடித்துவிட்டார்கள். இந்த அட்டையோடு புத்தகம் வந்தால் கொளஞ்சியப்பனின் நல்ல கதை தப்பான ஆட்கள் கையில் போகும், திட்டு வாங்கும். எட்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டும் போகும்.

வாடிக்கையாளர் நம்மை நம்பாவிட்டால் சந்தையைக் காட்ட வேண்டும். பெலிசியா அட்டையை அசல் அளவில் முந்நூறு ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டைத்தாளில் அச்செடுத்து, அதே கனத்தில் ஒரு வெற்றுப் புத்தகத்தின் மேல் சுற்றி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போனாள். ஜவுளிக்கடையில் சனிக்கிழமை என்பது, பெண்கள் புடவை பார்க்க, கணவர்கள் சுவரைப் பார்க்கும் நாள். வெற்றுப் புத்தகத்தைக் காத்திருப்போர் பெஞ்சில் போட்டாள்.

முதலில் எடுத்தவர் கையில் புரட்டிவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லியே," என்றார்.

"மாதிரிதான் அண்ணே. அட்டையப் பாத்தா என்னா கதைன்னு தோணுது?"

"பேய்க்கதைதான."

அடுத்தவர் எடுத்தார். பேய். மூன்றாமவர் தொடவே இல்லை. "வூட்ல கொண்டு போனா என் சம்சாரம் என்னையும் சேத்து வெளிய வெச்சிடும்." ஒரு மணி நேரத்தில் பதினான்கு பேர். பன்னிரண்டு பேருக்குப் பேய், ஒருவருக்கு ஜோசியம், ஒருவர் தூங்கிவிட்டார். எல்லாவற்றையும் கொளஞ்சியப்பன் புடவை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன், பாத்தேன்." அவர் முகத்தில் தோற்றவரின் களை இல்லை. புதுச் சரக்கு இறங்கிய களை இருந்தது. "ஜனங்க சொல்றது சரிதான். யோசிச்சி சொல்றேன்."

பெலிசியா ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு சௌந்தரம் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் காக்காவ எங்கேர்ந்துமா புடிச்சே நீ?"

"ஏங்கம்மா?"

"அட்டைய மாத்துவாருன்னு பாத்தா கதைய மாத்திட்டாரும்மா. முப்பத்தி ரெண்டு பக்கம் புதுசா எழுதிட்டாரு. லாக்கர்காரனோட தாத்தா செத்து காக்காவா வந்து குந்திக்கிட்டு, திருடன் யாருன்னு கத்திக் காட்டுதாம். கணக்குப்புள்ளைக்கு வேலையே இல்லாமப் போச்சி. நல்லா இருந்த கதையில எச்சம் வுட்டுட்டாரு. கேட்டா, 'அட்டைக்கு மூணு திருத்தந்தான் அந்தப் பொண்ணு குடுக்குது, கதைக்கு எனுக்கு யாரு கணக்கு வெக்கறது'ங்கறாரு."

பின்னாலிருந்து கொளஞ்சியப்பனின் குரல் கேட்டது. "முதுகு மாத்தச் சொல்லு. இருநூத்தி எழுபத்தி ரெண்டு பக்கம். அது கொசுறுதான்னு அதே சொல்லிச்சி."

நூற்று முப்பத்தாறு தாள். பதிமூன்று புள்ளி ஆறு, அட்டைக்கு அரை. பதினாலு புள்ளி ஒன்று. கணக்கு மட்டும் தானாக ஓடியது, மற்றதெல்லாம் நின்றுவிட்டது. அவள் இதுவரை எழுத்தாளர்கள் அட்டையைக் கெடுப்பதைத்தான் பார்த்திருக்கிறாள். அட்டை ஒரு கதையைக் கெடுத்தது இதுதான் முதல் தடவை. அந்த அட்டையும் அவள் கைவேலை.

மதியம் அப்பாவின் கருவாட்டுக் கிட்டங்கிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். செபாஸ்டின் நெத்திலி மூட்டையில் சாய்ந்தபடி முழுக்கக் கேட்டார்.

"சொல்லிடு," என்றார்.

"சொன்னா அந்த எட்டு பேருக்கும் தெரிஞ்சிடும்ப்பா. அப்புறம் என்னா வெச்சாலும், இது எடுக்கறதுக்கு வெச்சதான்னு கேப்பாங்க."

"கேப்பாங்கதான். நான் வெலைய ஏத்திச் சொல்லுவன். புழுத்த மீனை உள்ள வெச்சிக் கட்ட மாட்டன். காக்காவ உள்ள வெச்சி கட்டப் பாக்கற நீ."

புதன்கிழமை மதியம் கடையில் ஈயாடும் நேரம் பார்த்து, மடிக்கணினியோடு போனாள். அளக்கும் மேசையில் அதைத் திறந்து வைத்தாள். சௌந்தரமும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். அந்தக் காக்காவ நீங்க எடுக்கச் சொல்லணும்னுதான் வெச்சேன்."

"புரியல."

"எல்லாருக்கும் ஒண்ணு வெப்பேன். அதை எடுக்கச் சொல்லிட்டு, மத்ததைத் தொட மாட்டாங்க. உங்களுக்குக் காக்கா வெச்சா உடனே வேணாம்னுடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க தினம் சோறு வெக்கறது எனக்குத் தெரியாது."

கொளஞ்சியப்பன் மேசையில் கிடந்த ஒரு துணியை எடுத்து மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. உதறி மறுபடி மடித்தார்.

"முப்பத்தி ரெண்டு பக்கம்," என்றார்.

"தெரியும் சார்."

"அதுல ஒரு எடத்துல நானே அழுதேன்மா."

அவர் துணியை மேசையில் தள்ளி வைத்தார்.

"என்னை என்னான்னு நெனச்சே? பொடவை வாங்க வந்த பார்ட்டின்னா? நான் இந்த வீதியில முப்பத்தஞ்சி வருசமா குந்திக்கிட்டு இருக்கறவன்."

சௌந்தரம் நடுவில் வந்தார். "நீங்க வரவங்களுக்கு முதல்ல அந்த முட்டைக்கரு கலர் பொடவைய எடுத்து விரிக்கறீங்களே. பத்து வருசமா அதே பொடவை, ஒருத்தரும் வாங்கினதில்ல. அது எதுக்காம்?"

"அது வேற."

"என்னா வேற?"

அவர் தோளிலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினார். அது வேறு இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. சுருட்டி முடித்ததும் மடிக்கணினிப் பக்கம் தாடையால் காட்டினார்.

"எடுத்துக் காட்டு. அது இல்லாம."

பெலிசியா முதலில் செய்த கோப்பைத் திறந்தாள். காக்கை மட்டும் இருந்த அடுக்கை மறைக்க, அதன் பக்கத்திலிருந்த சின்னக் கண் படத்தைத் தட்டினாள். காக்கை போயிற்று. சாம்பல் நீலக் கதவுகள், தடித்த தலைப்பு, திறந்த ஒரே ஒரு கதவு. கொளஞ்சியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. இத்தனை நாளும் அந்தப் படத்தில் அவர் காக்கையைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்கவில்லை.

"இது நம்ம கதைதான்," என்றார் சௌந்தரம், அவரை முந்திக்கொண்டு.

"இரு, இரு." அவர் விரல் திரையைத் தொடாமல் அந்தக் கதவின் மேல் நின்றது. "சரி. காக்கா வேணாம். புதுப் பக்கமும் வேணாம். ஆனா ஒரு கணக்கு பேசிக்கணும். இப்ப காக்காவ எடுத்தது என் திருத்தம் கெடையாது. நீ போட்ட தப்பு, நீயே எடுக்கறே. அதைப் பெருசாக்கினது, நெலா வெச்சது, ரெண்டும் உன் தப்பு மேல போன வண்டி. அதனால மூணும் எனுக்கு அப்படியே பாக்கி."

அநியாயமாகக் கேட்டால் எதிர்த்துப் பேசலாம். நியாயமாகக் கேட்பவரிடம்தான் பேரம் கஷ்டம். ஆனாலும் பெலிசியா பிறந்த இடம் அப்படி.

"ஒண்ணு பாக்கி, சார். முதல் ரெண்டும் நீங்க கேட்டு நான் செஞ்சி குடுத்தது. எடுத்தது மட்டும் என் கணக்கு."

"ரெண்டு."

"ஒண்ணு. முதுகை மறுபடியும் பன்னெண்டரைக்குக் கொண்டு வரணும், அது கொசுறு."

"கறாரான பொண்ணு," என்றார் அவர். அதில் கோபம் பாதிதான் மிச்சம் இருந்தது. "ஒண்ணு, ஒண்ணு. இப்பவே சொல்லிடறேன். இந்தக் கதவு ஜாஸ்தியாத் தொறந்திருக்கு."

"ஒரு கை போற அளவுக்கு வெச்சிருக்கேன் சார்."

"அதான் தப்பு. திருடன் தொறந்து வெச்சிட்டுப் போவல. மூடிட்டுத்தான் போனான், சரியா மூடல. விரல் கூட நுழையக் கூடாது. மறுநாளு காலையில வந்து பாக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாத மாதிரி இருக்கணும். கதையே அதுதான."

பெலிசியா கதவை இழுத்தாள். இருட்டு ஒரு கோடாகச் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம். ஒரு முடி அளவு கறுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. வரிசையாக மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே வரும் கண், ஒரு நொடி கழித்து, ஐயோ அது மூடவில்லை என்று திரும்பிப் போனது. அவளுக்கே அப்படிப் போனது. நக அளவுக்குச் சுருக்கினாள். அந்தக் கோடு அப்போதும் தெரிந்தது.

நாற்பத்திரண்டு அட்டையில் ஒரு எழுத்தாளரும் அவளுக்கு இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. சொல்ல அவள் விட்டால்தானே. எல்லாரும் குடையை எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள்.

"எப்படி?" என்றார் கொளஞ்சியப்பன்.

"இது எனக்குத் தோணவே இல்ல சார்," என்றாள். அவள் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்வது அதுவே முதல் தடவை.

"அந்த முப்பத்தி ரெண்டு பக்கம்?" என்று மெல்ல இழுத்தார் அவர்.

"பத்திரமா எடுத்து வையுங்க," என்றார் சௌந்தரம். "அடுத்த வருசம் பேய்க்கதையாப் போடலாம்."

"அதுக்குப் புதுசா மூணு திருத்தம் சார்," என்றாள் பெலிசியா.

அன்று மாலையே கோப்பு அச்சகத்துக்குப் போனது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டரைக்கு இருநூற்றிருபத்திரண்டு, எந்த எழுத்தும் வெட்டுக்கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டருக்குள் வராமல், பின்னட்டையில் பார்கோடுக்கு வெள்ளைக் கட்டம் விட்டு.

கீழ வீதி மண்டபத்தில் வெளியீட்டுக்கு எண்பது பேர் வந்தார்கள். கொளஞ்சியப்பன் மேடையில் நன்றி சொல்லும்போது, மறைக்க வேண்டியதை மறைக்கிற வழக்கம் தனக்கு இல்லை என்பதுபோல, காக்கைக் கதையை முழுக்கச் சொன்னார். மண்டபம் சிரித்தது. கடைசி வரிசையில் பெலிசியா சேலை முந்தியைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டும் போயிற்று என்று ஒரு பக்கம் மனசு கணக்கை மூடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் முதலில் வந்து எதிரே உட்கார்ந்தவர் சார்லஸ், வாசகர் மன்றத்து எட்டு பேரில் ஒருவர். கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கவிதைத் தொகுப்பு, தொண்ணூற்றாறு பக்கம்.

"முதுகு அஞ்சு மில்லிமீட்டர்தான் வரும் சார்," என்றாள் அவள், கேட்கும் முன்பே. "பேரு பொடியாத்தான் போட முடியும்."

"பரவால்ல. மூணு திருத்தந்தான?"

"மூணுதான்."

"கொளஞ்சியப்பன் ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னாரு. எடுக்கறதுக்குன்னு ஏதாவது வெப்பியா?"

சாம்பார் வாளிக்காரர் இரண்டு பேரையும் தாண்டிப் போகும் வரை பெலிசியா காத்திருந்தாள்.

"வெக்க மாட்டேன். ஆனா நீங்களும் பத்து நிமிசத்துல பதில் சொல்லக் கூடாது."

அவர் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் கையெழுத்துப் பிரதியைப் பிடித்தபடி, அவள் பக்கத்தில் எப்போது இடம் காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து சார்லஸின் அட்டையை அனுப்பினாள். குடை இல்லை, வளையம் இல்லை, இறகு இல்லை. படம் மட்டும், அம்மணமாக. பத்து நிமிடம் போயிற்று. அரை மணி போயிற்று. மதியச் சாப்பாடு போயிற்று. நான்கு மணிக்கு ஒரு வரி வந்தது.

"மூணு நாள் டைம் குடும்மா. இன்னும் பாத்துக்கிட்டு இருக்கறேன்."

பெலிசியா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவது எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியில் பக்கத்தை எண்ண ஆரம்பித்தாள்.